சீசன் ஷீட்டில் சராசரியும் எகானமியும் உதைக்கும்போது

எங்கள் டீமுக்கு நான்தான் ஸ்கோரர். சீசன் முடிந்ததும் ஆளுக்கு ஒரு வரி என்று சுருக்க ஷீட் ஒன்று தயார் செய்து வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் என் தலையில்தான் விழும். ஒரு வருஷம் போட்டுப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, எங்கள் பௌலர் ஒருவன் போன் செய்தான். "அண்ணே, எனக்கு எகானமி ஏழுக்கு மேல போட்டிருக்கீங்க. விரல் விட்டு எண்ணிப் பார்த்தாலே ஏழு வரலையே?" ஷீட்டைத் திறந்து பார்த்தேன். ஃபார்முலா சரியாகத்தான் தெரிந்தது. எந்த செல்லிலும் பிழைச் செய்தி இல்லை. ஆனாலும் அவன் சொன்னதுதான் சரி.

அன்றிலிருந்து ஷீட்டைச் சோதிக்க எனக்கென்று ஒரு வழி வைத்திருக்கிறேன். சராசரி, ஸ்ட்ரைக் ரேட், எகானமி மூன்றுமே வகுத்தல் கணக்கு. ரன்னை எல்லோரும் நினைவில் வைத்திருப்பார்கள், அது தப்பானால் உடனே சண்டைக்கு வருவார்கள். எதால் வகுக்கிறோம் என்பதை யாரும் கவனிப்பதில்லை. சராசரிக்கு அது எத்தனை முறை அவுட் என்பது, ஸ்ட்ரைக் ரேட்டுக்கு எத்தனை பந்து ஆடினார் என்பது, எகானமிக்கு எத்தனை ஓவர் என்பது. தப்பு பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். கீழே ஒவ்வொரு அறிகுறியாகப் போகிறேன். உங்கள் ஷீட்டில் எது தெரிகிறதோ அங்கே நேராகப் போய்விடலாம்.

அறிகுறி: நன்றாக ஆடியவனின் சராசரி பாதாளத்தில் கிடக்கிறது

ஒரு பேட்ஸ்மேனின் வரியை எடுத்துக்கொள்வோம். டி20 லீக், ஒன்பது ஆட்டம். அவருடைய ஸ்கோர்கள் B2 முதல் J2 வரை இப்படி இருக்கின்றன: 34, 45*, 12, 0, அடுத்தது காலி, அப்புறம் 61*, 7, 23, 18*. காலியாக இருக்கும் ஆட்டத்தில் அவருக்கு பேட்டிங் வரவில்லை. நட்சத்திரம் போட்டவை நாட் அவுட்.

கையால் கூட்டினால் மொத்தம் 200 ரன். எட்டு இன்னிங்ஸ், அதில் மூன்று நாட் அவுட், ஆகவே ஐந்து முறை அவுட். 200-ஐ 5-ஆல் வகுத்தால் 40.00. இதுதான் சரியான சராசரி.

இப்போது ஷீட் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். இங்கே ஒரு வசதி இருக்கிறது: எந்தத் தப்பு செய்தீர்கள் என்பதைத் தப்பான விடையே காட்டிக் கொடுத்துவிடும்.

15.20 என்று காட்டினால் நட்சத்திரம்தான் காரணம். 45* என்று தட்டினால் அது ஷீட்டுக்கு எண் அல்ல, எழுத்து. SUM போன்ற ஃபார்முலாக்கள் எழுத்தைக் கண்டால் எதுவும் சொல்லாமல் தாண்டிப் போய்விடும். ஆகவே 34, 12, 0, 7, 23 மட்டும் கூடி 76 ஆகும். AVERAGE-உம் அந்த ஐந்தை மட்டும் எண்ணி 15.20 என்று சொல்லும். அவருடைய மூன்று நாட் அவுட் இன்னிங்ஸும் காணாமல் போயிருக்கும். இதைக் கண்ணாலேயே பிடிக்கலாம்: எக்செல்லிலும் கூகுள் ஷீட்ஸிலும் எண்கள் செல்லின் வலது ஓரத்தில் ஒட்டும், எழுத்துகள் இடது ஓரத்தில் ஒட்டும். நீங்கள் மையத்தில் சீரமைத்து அழகுபடுத்தி வைத்திருந்தால் இந்த அடையாளம் போய்விடும். சோதிக்கும்போது சீரமைப்பை முதலில் நீக்கிவிடுங்கள்.

25.00 என்று காட்டினால் 200-ஐ எட்டு இன்னிங்ஸால் வகுத்திருக்கிறீர்கள், நாட் அவுட்டைக் கழிக்கவில்லை. 22.22 என்றால் ஒன்பது ஆட்டத்தால் வகுத்திருக்கிறீர்கள். 33.33 என்றால் தப்பு இன்னும் நைசானது: பேட்டிங் வராத ஆட்டத்தில் யாரோ காலியாக விடாமல் 0 போட்டிருக்கிறார்கள். இன்னிங்ஸ் ஒன்பதாகி, அவுட் ஆறாகி, ஒரு டக் இலவசமாகச் சேர்ந்துவிட்டது. ஷீட்டை நிரப்புபவர் ஒருவர், ஸ்கோர்புக் எழுதியவர் வேறொருவர் என்றால் இது அடிக்கடி நடக்கும். ஸ்கோர்புக்கில் பெயருக்கு எதிரே ஒன்றும் இல்லை என்றால் ஷீட்டிலும் ஒன்றும் இருக்கக் கூடாது.

நாட் அவுட்டைக் கழிப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு பிராட்மேனே சாட்சி. டெஸ்டில் 80 இன்னிங்ஸ், 6996 ரன், 10 நாட் அவுட். 70-ஆல் வகுப்பதால்தான் எல்லோருக்கும் தெரிந்த அந்த 99.94 வருகிறது. 80-ஆல் வகுத்தால் 87.45 ஆகிவிடும். புதிதாக ஃபார்முலா போட்டால் நான் முதலில் பிராட்மேனின் எண்களைத்தான் ஒரு வரியில் தட்டிப் பார்ப்பேன். 99.94 வந்தால் ஃபார்முலா தேறிவிட்டது.

திருத்துவதற்கு இரண்டு வழி. நட்சத்திரத்தை விட மனசில்லை என்றால் இப்படி:

```
=SUMPRODUCT(--("0"&SUBSTITUTE(B2:J2,"*","")))
=COUNTA(B2:J2)
=COUNTIF(B2:J2,"*~*")
```

முதல் வரி நட்சத்திரத்தை உரித்துவிட்டு ரன்னைக் கூட்டுகிறது, நம் உதாரணத்தில் 200 வரும். முன்னால் ஒட்டியிருக்கும் "0" காலி செல்களுக்காக, அது இல்லாவிட்டால் காலி செல்லில் பிழை வரும். இரண்டாவது இன்னிங்ஸை எண்ணும், 8. மூன்றாவது நாட் அவுட்டை எண்ணும், 3. அதில் இருக்கும் ~ குறியை விட்டுவிடாதீர்கள். அது இல்லாமல் நட்சத்திரம் மட்டும் போட்டால் 'எந்த எழுத்தாக இருந்தாலும்' என்று ஷீட் பொருள் கொள்ளும். பேட்டிங் வராத ஆட்டத்தை ஒரு கோடு போட்டோ 'ஆடவில்லை' என்று எழுதியோ நிரப்பினால் முதல் ஃபார்முலா #VALUE! என்று கத்தும். அது நல்லதுதான், தப்பு நிரப்பலை அதுவே பிடித்துக் கொடுக்கிறது.

என் விருப்பம் இரண்டாவது வழி: ரன்னுக்குத் தனி நெடுவரிசை, அவுட்டா இல்லையா என்பதற்குத் தனி நெடுவரிசை. பார்க்க அழகாக இருக்காது. ஆனால் ரன் எப்போதும் எண்ணாகவே இருக்கும்.

அவுட் நெடுவரிசையில் சந்தேகம் வரும் இடம் ஒன்றே ஒன்று: 'ரிட்டயர்டு'. அடிபட்டோ, உடம்பு முடியாமலோ, தவிர்க்க முடியாத வேறு காரணத்தாலோ வெளியேறினால் அது நாட் அவுட், வகுக்கும் எண்ணில் சேராது. மற்ற காரணத்துக்காக வெளியேறித் திரும்ப வராவிட்டால் அது அவுட், சேரும். 2022 ஐபிஎல்லில் ராஜஸ்தானுக்கு ஆடிய அஷ்வின் லக்னோவுக்கு எதிராக 28 ரன்னில் தானாக வெளியேறினாரே, அது அவுட் கணக்குதான். உள்ளூர் ஆட்டங்களில் 'மத்தவனுக்கும் சான்ஸ் குடு' என்று ஐம்பது அடித்தவரைக் கூப்பிட்டுக்கொள்வது சகஜம். பல ஸ்கோர்புக்குகளில் அதற்கு நட்சத்திரம் போட்டிருக்கும். சட்டப்படி அது தவறு. உங்கள் லீக் அதற்குத் தனி விதி வைத்திருந்தால் ஷீட்டின் அடியில் அதைக் குறித்துவிடுங்கள், அடுத்த வருஷம் சண்டை வராது.

அறிகுறி: ஸ்ட்ரைக் ரேட் ஏறக்குறைய சரி, ஆனால் சரியாக இல்லை

இதுதான் பிடிக்கக் கஷ்டமானது, ஏனென்றால் எண் நம்பும்படியாகவே இருக்கும். அதே பேட்ஸ்மேன் ஆடிய பந்துகள் முறையே 28, 30, 15, 1, 40, 9, 25, 6 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 154 பந்து, 200 ரன். 200-ஐ 154-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 129.87.

ஷீட் 121.71 என்று காட்டினால், ஆட்டத்துக்கு ஆட்டம் ஸ்ட்ரைக் ரேட் போட்டுவிட்டு அந்த எட்டு எண்களுக்கு சராசரி எடுத்திருக்கிறீர்கள். அப்படிச் செய்யும்போது முதல் பந்தில் டக் ஆனதும் 40 பந்து நின்று 61 அடித்ததும் ஒரே எடை பெறுகின்றன. டக்கின் பூஜ்யம் ஒரு பக்கம் இழுக்கும், கடைசி ஓவரில் ஆறு பந்தில் அடித்த 18-இன் முந்நூறு மறுபக்கம் இழுக்கும். இரண்டும் ஓரளவு சமன் ஆவதால் விடை நம்பும்படி வந்து ஏமாற்றுகிறது. சீசனுக்கு ரன்னைக் கூட்டு, பந்தைக் கூட்டு, கடைசியில் ஒரே ஒரு முறை வகு. ஆட்டவாரியான ஸ்ட்ரைக் ரேட் நெடுவரிசை பார்ப்பதற்கு இருக்கட்டும், அதை எந்தக் கூட்டலிலும் சேர்க்காதீர்கள்.

ஆட்டவாரி நெடுவரிசை வைத்திருந்தால் எப்போதாவது #DIV/0! தலைகாட்டும். எதிர்முனையில் நின்றபடியே, ஒரு பந்தும் சந்திக்காமல் ரன் அவுட் ஆனவருக்கு 0 ரன், 0 பந்து. 2023 உலகக் கோப்பையில் வங்கதேசத்துக்கு எதிராக டைம்டு அவுட் ஆன ஏஞ்சலோ மேத்யூஸுக்கும் அதேதான். இன்னிங்ஸ் ஒன்று, அவுட் ஒன்று, பந்து பூஜ்யம். அந்த ஆட்டத்துக்கு ஸ்ட்ரைக் ரேட் கிடையாது. பிழைச் செய்தியை மறைப்பதற்காகப் பந்து நெடுவரிசையில் 1 போட்டுவிடாதீர்கள்.

கூட்டி வகுத்தும் எண் குறைவாக வருகிறதா? அப்படியானால் வைடைப் பார்க்க வேண்டும். வைடு பந்து பேட்ஸ்மேன் ஆடிய பந்துக் கணக்கில் சேராது. நோ-பால் சேரும். கையால் ஸ்கோர்புக் எழுதும்போது அவசரத்தில் வைடின் குறியையும் பேட்ஸ்மேனின் வரியில் போட்டு, அப்புறம் குறிகளை எல்லாம் எண்ணிப் பந்து என்று எழுதிவிடுவது உண்டு. ஐந்து வைடு சேர்ந்தால் 154 என்பது 159 ஆகி 125.79-க்கு இறங்கிவிடும்.

இதைத் தனி ஆளின் வரியில் கண்டுபிடிக்க முடியாது. முழு இன்னிங்ஸையும் எடுத்தால் உடனே தெரிந்துவிடும். ஒரு இன்னிங்ஸில் எல்லா பேட்ஸ்மேன்களும் ஆடிய பந்தைக் கூட்டினால், வீசப்பட்ட முறையான பந்துகளோடு நோ-பாலைச் சேர்த்த எண் வர வேண்டும். முழு 20 ஓவர், 3 நோ-பால் என்றால் 123. உங்கள் கூட்டல் 128 என்று வந்து, அந்த இன்னிங்ஸில் ஐந்து வைடு என்றால் திருடன் அகப்பட்டுவிட்டான். 120 என்று கச்சிதமாக வந்தாலும் சந்தேகப்படுங்கள், நோ-பாலை விட்டிருக்கிறார்கள் என்று பொருள்.

அறிகுறி: எகானமி கொஞ்சம் அதிகமாகத் தெரிகிறது

போன் செய்த பௌலரின் கதைக்கு வருவோம். அவனுடைய ஆறு ஆட்டம்: 4 ஓவர் 28 ரன், 3.4 ஓவர் 22, 4 ஓவர் 31, 2.3 ஓவர் 19, 3.5 ஓவர் 27, 4 ஓவர் 23. ரன் மொத்தம் 150. ஓவர் நெடுவரிசையை ஷீட் கூட்டி 21.2 என்று சொன்னது. 150-ஐ 21.2-ஆல் வகுத்து 7.08 என்று போட்டிருந்தேன்.

3.4 என்பது மூன்று ஓவரும் நான்கு பந்தும். ஷீட்டுக்கு அது மூன்றும் பத்தில் நான்கும். நமக்கு ஓவர் ஆறில் நிறைகிறது, ஷீட்டுக்குப் பத்தில் நிறைகிறது. பந்தாகப் போட்டால் 24, 22, 24, 15, 23, 24, மொத்தம் 132. அதாவது சரியாக 22 ஓவர். 150-ஐ 22-ஆல் வகுத்தால் 6.82. அவன் விரல் விட்டு எண்ணியது பொய்யில்லை.

என்னை ஏமாற்றியது அந்த 21.2 என்ற எண்தான். கூட்டல் 21.8 என்று வந்திருந்தால், புள்ளிக்குப் பின் எட்டா என்று அப்போதே விழித்திருப்பேன். புள்ளிக்குப் பின் 6, 7, 8, 9 வந்தால் அது ஓவரே இல்லை என்பது யாருக்கும் தெரியும். ஆனால் மூன்று அரைகுறை ஓவர்கள் சேரும்போது பத்தைத் தாண்டி, பார்ப்பதற்கு ஒழுங்கான எண்ணாகவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆகவே எண் ஒழுங்காகத் தெரிகிறது என்று விட்டுவிட முடியாது.

இந்தத் தப்புக்கு ஒரு குணம் உண்டு: அது எப்போதும் பௌலருக்கு எதிராகவே விழும். மூன்று பந்து என்பது அரை ஓவர், ஆனால் ஷீட் அதை 0.3 என்று குறைத்தே எண்ணுகிறது. வகுக்கும் எண் சிறுக்க, எகானமி ஏறும். எல்லா ஆட்டத்திலும் முழு 4 ஓவர் போட்டவருக்கு ஒன்றும் ஆகாது. எதிரணியைச் சுருட்டிய ஓவரைப் பாதியில் முடித்தவருக்கும், சேஸிங்கின் கடைசி ஓவரில் அடி வாங்கியவருக்கும்தான் மாறும். ஷீட்டில் சிலருடைய எகானமி மட்டும் உதைக்கிறது, மற்றவர்களுடையது சரியாக இருக்கிறது என்றால் வேறெங்கும் தேடாமல் இங்கே பாருங்கள்.

திருத்தம் இது. ஓவர் B நெடுவரிசையில் இருந்தால் பக்கத்தில் பந்துக்கு ஒரு நெடுவரிசை:

```
=INT(B2)*6+ROUND((B2-INT(B2))*10,0)
```

இதில் ROUND எதற்கு என்று கேட்பீர்கள். கணினிக்குள் 3.4-இலிருந்து 3-ஐக் கழித்தால் துல்லியமாக 0.4 கிடைப்பதில்லை, அதற்கு மயிரிழை குறைவாகக் கிடைக்கும். பத்தால் பெருக்கி அப்படியே முழு எண்ணாக வெட்டினால் நான்கு பந்து மூன்றாகிவிடும். ROUND அதைத் தடுக்கிறது. நானும் முதலில் INT போட்டுவிட்டு, ஒரு பௌலருக்கு மட்டும் இரண்டு பந்து எங்கே போனது என்று ஒரு சாயங்காலம் முழுக்கத் தேடியிருக்கிறேன்.

அப்புறம் பந்தைக் கூட்டுங்கள். ரன்னை ஆறால் பெருக்கி, கூட்டிய பந்தால் வகுத்தால் எகானமி. ஷீட்டில் ஓவராகக் காட்ட வேண்டும் என்றால் கடைசியில் திருப்பிக்கொள்ளலாம். பந்தின் மொத்தம் C8-இல் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால்:

```
=INT(C8/6)&"."&MOD(C8,6)
```

இப்படித் திருப்பியது வெறும் காட்சிக்கு. அதை வைத்து மறுபடி எந்தக் கணக்கும் போடக் கூடாது. இன்னொரு வகைத் தப்பும் இங்கே நடக்கும்: ஏற்கெனவே தப்பாகக் கூட்டிய 21.2-ஐ எடுத்து, 'சரி, 21 ஓவர் 2 பந்து' என்று 128 பந்தாக மாற்றிவிடுவது. விடை 7.03 வரும். ஃபார்முலா சரி, ஆனால் போட்ட இடம் தப்பு. மாற்றம் ஒவ்வொரு ஆட்டத்தின் வரியிலும் நடக்க வேண்டும், கூட்டலுக்கு முன்னால்.

பந்தை அடிப்படையாக வைத்துக்கொண்டால் இன்னொரு நன்மை, ஓவருக்கு எத்தனை பந்து என்ற கவலையே இல்லை. ஆஸ்திரேலியாவில் 1978–79 சீசன் வரை ஓவருக்கு எட்டுப் பந்து. பழைய ஸ்கோர்கார்டுகளை ஷீட்டில் ஏற்ற ஆசைப்படுபவர்கள் ஆறால் பெருக்குவதை அங்கே எட்டாக மாற்றிக்கொண்டால் போதும்.

அறிகுறி: ஓவர் சரி, பந்து சரி, ஆனாலும் எகானமி உதைக்கிறது

அப்படியானால் தப்பு ரன்னில். பௌலர் தலையில் எந்த எக்ஸ்ட்ரா விழும், எது விழாது என்பதில் குழப்பம் இருக்கிறது. வைடும் நோ-பாலும் பௌலர் கணக்கில் சேரும். பை, லெக் பை சேராது. பெனால்டியாகக் கொடுக்கும் ஐந்து ரன்னும் சேராது.

இதைச் சோதிக்க ஒரே கூட்டல் போதும். எதிரணி 147 என்று வைத்துக்கொள்வோம். எக்ஸ்ட்ரா: பை 4, லெக் பை 5, வைடு 8, நோ-பால் 3. நம் பௌலர்கள் எல்லோரும் கொடுத்த ரன்னைக் கூட்டினால் 138 வர வேண்டும், 147-இலிருந்து பையும் லெக் பையுமான 9 போக மிச்சம். கூட்டல் 147 என்றே வந்தால் கீப்பர் விட்ட பையைப் பௌலர் தலையில் கட்டியிருக்கிறார்கள். 127 வந்தால் வைடு, நோ-பால் 11-ஐயும் பௌலருக்குச் சேர்க்காமல் விட்டிருக்கிறார்கள். இரண்டும் இல்லாமல் 142 போல ஏதாவது வந்தால், ஒரு குறிப்பிட்ட பந்தில்தான் விவகாரம். பெரும்பாலும் அது எக்ஸ்ட்ராவோடு ரன்னும் வந்த பந்தாக இருக்கும்.

அப்படிப்பட்ட பந்து இரண்டு வகை. வைடு கீப்பரைத் தாண்டி பவுண்டரிக்குப் போனால் மொத்தம் ஐந்தும் வைடுதான், ஐந்தும் பௌலருக்கு. நோ-பால் ஒன்று பேட்டில் படாமல் பவுண்டரிக்குப் போனால் கதை வேறு: ஒரு ரன் நோ-பால், மீதி நான்கும் பை. பௌலருக்கு ஒன்றுதான். 2017-இல் கிரிக்கெட் சட்டங்கள் திருத்தப்படும் வரை அந்த ஐந்துமே நோ-பாலாக எழுதப்பட்டு பௌலருக்குப் போனது. பழைய ஸ்கோரர்கள் சிலர் இன்னும் அப்படியே எழுதுகிறார்கள். மேலே சொன்ன 142-க்கும் 138-க்கும் உள்ள நான்கு ரன் வித்தியாசம் இப்படித்தான் பிறக்கும்.

வைடையும் நோ-பாலையும் பௌலர் கணக்கில் எழுதும் வழக்கமே 1980-களில்தான் வந்தது. அப்பா காலத்து ஸ்கோர்புக்கை எடுத்து ஷீட்டில் ஏற்றினால் மேலே சொன்ன சோதனை தோற்கும், அதைத் தப்பு என்று நினைத்துத் திருத்திவிடாதீர்கள்.

அறிகுறி: ஒருவருக்கு ஒரு ஆட்டம் குறைகிறது

சுருக்க ஷீட்டில் SUMIFS போட்டுப் பெயரை வைத்துத் திரட்டுபவர்களுக்கு இது வரும். ஒரு ஆட்டத்தில் பெயருக்குப் பின்னால் ஒரு இடைவெளி தட்டப்பட்டிருந்தால் அந்த வரி சேராது. TRIM போட்டால் சரியாகிவிடும்.

தமிழில் பெயர் எழுதுபவர்களுக்கு மட்டும் இன்னொரு பொறி இருக்கிறது. 'கோபி' என்று ஒரு பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் வரும் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் தட்டலாம், முன்னால் இரட்டைக் கொம்பு, பின்னால் கால் என்று இரண்டாகவும் தட்டலாம். திரையில் இரண்டும் ஒன்று போலவே தெரியும், உள்ளே எழுத்துகளின் எண்ணிக்கை வேறு. ஒருவர் போனில் தட்டி, இன்னொருவர் பழைய ஷீட்டிலிருந்து ஒட்டினால் ஒரே ஆள் இரண்டு ஆளாகிவிடுவார். சந்தேகம் வந்தால் இரண்டு செல்லுக்கும் LEN போட்டுப் பாருங்கள். ஒன்றில் 4-உம் இன்னொன்றில் 5-உம் வந்தால் விஷயம் அதுதான். பெயர்களைத் தட்டாமல், கீழிறங்கும் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி வைத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

அறிகுறி: பட்டியலின் உச்சியில் பதினொன்றாவது ஆள்

சராசரியை வைத்து வரிசைப்படுத்தினால், கடைசியில் இறங்கி 4*, 2*, 7 என்று அடித்த பௌலர் தொடக்க ஆட்டக்காரர்களுக்கு மேலே போய் உட்காரலாம். இது ஷீட்டின் தப்பு இல்லை. 1953-இல் இங்கிலாந்து சுற்றுப்பயணம் போன ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் பில் ஜான்ஸ்டன் முதல்தரப் போட்டிகளில் 17 இன்னிங்ஸில் ஒரே ஒரு முறை அவுட்டாகி, 102 ரன்னுடன் 102.00 சராசரி வைத்திருந்தார். கணக்குப்படி அது சரி. பட்டியலுக்குக் குறைந்தபட்சம் இத்தனை இன்னிங்ஸ் என்று ஒரு வரம்பு வைக்க வேண்டும், அவ்வளவுதான். எட்டு ஒன்பது ஆட்டம் உள்ள சீசனுக்கு நான் நான்கு இன்னிங்ஸ் வைக்கிறேன்.

ஒரு முறைகூட அவுட் ஆகாதவருக்கு சராசரியே கிடையாது, #DIV/0! வரும். அந்த இடத்தில் 0 காட்டினால் அவரை அவமானப்படுத்துகிறோம், மொத்த ரன்னைக் காட்டினால் இல்லாத ஒரு அவுட்டைச் சேர்க்கிறோம். கோடு போடுவதே நியாயம். K2-இல் இன்னிங்ஸ், L2-இல் நாட் அவுட், M2-இல் ரன் என்றால்:

```
=IF(K2-L2=0,"-",M2/(K2-L2))
```

IFERROR போட்டால் சுருக்கமாக முடியும்தான். ஆனால் அது எல்லாப் பிழையையும் ஒரே கோட்டுக்குள் மறைத்துவிடும், தப்பு நிரப்பலால் வரும் #VALUE!-ஐயும் சேர்த்து. அதனால் நான் அதைத் தொடுவதில்லை.

அறிகுறி: கடைசி இலக்கத்தில் ஒன்று இடிக்கிறது

எல்லாம் சரிபார்த்த பிறகும் ஸ்கோரிங் செயலி ஒன்று சொல்லும், உங்கள் ஷீட் 0.01 தள்ளிச் சொல்லும். முரளிதரனின் டெஸ்ட் கணக்கைத் தட்டிப் பாருங்கள்: 44039 பந்து, 18180 ரன். ஷீட்டில் இரண்டு இலக்கத்துக்கு 2.48 என்று வரும். புள்ளிவிவரத் தளங்களில் அவருடைய எகானமி 2.47 என்றே இருக்கும். உண்மையான விடை 2.4769 சொச்சம். ஷீட் அருகிலிருக்கும் எண்ணுக்கு ஏற்றுகிறது, தளம் அதற்கு மேல் இருப்பதை வெட்டிவிடுகிறது. வெட்டுவதே வேண்டும் என்றால் ROUNDDOWN போடலாம். எதைப் போட்டாலும் மூன்று நெடுவரிசைக்கும் அதையே போடுங்கள். ஷீட் ஏற்றியும் செயலி வெட்டியும் காட்டும்போது இடிப்பு 0.01-ஐத் தாண்டாது. 0.02 இடித்தால் அது இலக்க விவகாரம் இல்லை, மறுபடி பந்து நெடுவரிசைக்குப் போக வேண்டியதுதான்.